ஈபிஎஸ் கூடுகிறது, பங்கின் மதிப்பு குறைகிறது: ஓர் இணைப்பின் கணக்கு

"பி.இ. அதிகமாக இருக்கிற கம்பெனி, பி.இ. குறைவாக இருக்கிற கம்பெனியைப் பங்கு கொடுத்து வாங்கினால் ஈபிஎஸ் தானாகவே ஏறிவிடும் என்று படித்தேன். வியாபாரத்தில் எதுவும் மாறாதபோது அது எப்படி ஏறும்? பங்குப் பரிமாற்ற விகிதத்தை ஈபிஎஸ் வைத்துப் போட வேண்டுமா, சந்தை விலை வைத்துப் போட வேண்டுமா? கடைசியில் யாருக்கு லாபம்?"

ஈபிஎஸ் என்பது ஒரு பங்குக்கு வரும் லாபம், பி.இ. என்பது பங்கு விலை அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. மொத்த லாபம் ஒரு பைசா கூட ஏறுவதில்லை. அந்த லாபத்தை எத்தனை பங்குகளால் வகுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போனால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். எண்களைச் சுலபமாக வைத்திருக்கிறேன், கூடவே போட்டுப் பாருங்கள்.

பெரிய கம்பெனிக்கு ஆண்டு நிகர லாபம் 20 கோடி ரூபாய், பங்குகள் 5 கோடி. அப்படியென்றால் ஈபிஎஸ் 4 ரூபாய். சந்தை அதற்கு 20 மடங்கு பி.இ. கொடுக்கிறது, பங்கு விலை 80. சின்ன கம்பெனிக்கு லாபம் 10 கோடி, பங்குகள் 2 கோடி, ஈபிஎஸ் 5 ரூபாய். அதற்குப் பி.இ. 8 மடங்குதான், பங்கு விலை 40. மொத்தச் சந்தை மதிப்பு என்று பார்த்தால் பெரியது 400 கோடி, சின்னது 80 கோடி. சின்னதன் பங்குதாரர்கள் சும்மா சம்மதிக்க மாட்டார்கள், அதனால் பெரியது 40 ரூபாய்ப் பங்குக்கு 50 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. பணமாக அல்ல, தன் பங்காக. 50-ஐ 80-ஆல் வகுத்தால் 0.625. இதுதான் பரிமாற்ற விகிதம். சின்னதில் 8 பங்கு வைத்திருப்பவர் அவற்றைக் கொடுத்துவிட்டு, பெரியதில் 5 பங்கு வாங்கிக்கொள்வார்.

இந்த விகிதத்தில் பெரியது புதிதாக 1.25 கோடி பங்குகளை வெளியிட வேண்டும். மொத்தப் பங்குகள் 6.25 கோடி ஆகின்றன. இரண்டு லாபத்தையும் கூட்டினால் 30 கோடி. வகுத்தால் ஈபிஎஸ் 4.80. நேற்று வரை 4 ரூபாய், இன்று 4.80, அதாவது 20 சதவீத உயர்வு. தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் கூட இடம் மாறவில்லை, ஒரு வாடிக்கையாளர் கூடப் புதிதாக வரவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதைப் புதிய பங்குகளை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் புரியும். அந்த 1.25 கோடி புதிய பங்குகள் தங்களோடு 10 கோடி லாபத்தைக் கொண்டுவருகின்றன. புதிய பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய். பழைய பங்கு ஒன்றுக்குப் பின்னால் இருந்தது 4 ரூபாய்தான். எட்டையும் நான்கையும் அதனதன் எண்ணிக்கைப்படி கலந்தால் 4.80 வருகிறது. பி.இ. மொழியில் சொன்னால், பெரியது தன் பங்கை 20 மடங்குக்கு விற்று, அந்த மதிப்பைக் கொண்டு சின்னதன் லாபத்தை 10 மடங்குக்கு வாங்கியிருக்கிறது. இங்கே 8 மடங்கு என்று எடுக்கக் கூடாது. கொடுக்கும் விலை 50, ஈபிஎஸ் 5, ஆகவே கொடுக்கும் பி.இ. 10. சந்தை விலைக்கு மேல் கொடுக்கும் பிரீமியமும் சேர்ந்த இந்த எண் வாங்குபவரின் பி.இ.யைவிடக் குறைவாக இருக்கும் வரை, வாங்குபவரின் ஈபிஎஸ் கட்டாயம் ஏறும். சமமாக இருந்தால் அப்படியே நிற்கும், அதிகமானால் இறங்கும். இது வெறும் எண்கணிதம் என்பதால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதே கணக்கைச் சின்னதன் பக்கம் நின்று பாருங்கள். 8 பங்கு வைத்திருந்தவருக்குப் பின்னால் முன்பு 40 ரூபாய் லாபம் இருந்தது. இப்போது அவர் கையில் இருப்பது 5 பங்கு, தலா 4.80, ஆக 24 ரூபாய். ஒரு பங்குக் கணக்கில் 5 ரூபாய் 3 ரூபாயாகிவிட்டது. ஒருவருக்கு ஈபிஎஸ் 20 சதவீதம் ஏறியதும் இன்னொருவருக்கு 40 சதவீதம் இறங்கியதும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். ஆனாலும் சின்னதன் பங்குதாரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். 320 ரூபாய் மதிப்புள்ள பங்குகளுக்கு 400 ரூபாய் மதிப்புள்ள பங்குகள் கிடைக்கின்றன என்றுதானே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். இணைப்புக்குப் பிறகு பங்கு என்ன விலைக்குப் போகும்? இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாக 400 கோடியும் 80 கோடியும் பெற்றிருந்தன. சேர்ந்ததால் செலவு மிச்சமாவதோ விற்பனை கூடுவதோ எதுவும் இல்லை என்றால், சேர்ந்த கம்பெனியின் மதிப்பு 480 கோடி. அதை 6.25 கோடி பங்குகளால் வகுத்தால் 76.80 ரூபாய். பெரியதன் பழைய பங்குதாரர் 80 ரூபாயிலிருந்து 3.20 இழந்திருக்கிறார். 5 கோடி பங்குகளுக்கு அது 16 கோடி ரூபாய். சின்னதன் 8 பங்குக்காரர் கையில் 5 முறை 76.80, அதாவது 384 ரூபாய். 400 என்று சொன்னது வரவில்லை, ஆனால் 320 இருந்த இடத்தில் 64 ரூபாய் கூடுதல், பங்குக்கு 8 ரூபாய். அவர்கள் 2 கோடி பங்குகளுக்கு அதுவும் 16 கோடிதான். ஆக ஈபிஎஸ் ஏறியவரிடமிருந்து ஈபிஎஸ் இறங்கியவருக்கு 16 கோடி ரூபாய் கைமாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு இந்தக் கணக்கில் இதுதான் பதில்.

புதிய பி.இ. எவ்வளவு என்று கேட்டால், 76.80-ஐ 4.80-ஆல் வகுக்க 16 வருகிறது. பலர் 20-க்கும் 8-க்கும் சராசரி எடுத்து 14 என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. பெரியதன் லாபம் 20 கோடி, சின்னதன் லாபம் 10 கோடி என்பதால், லாபத்தின் எடையோடுதான் சராசரி எடுக்க வேண்டும். இன்னும் சுலபமான வழி, மொத்த மதிப்பு 480-ஐ மொத்த லாபம் 30-ஆல் வகுப்பது.

சந்தை அசந்துபோய் பழைய 20 மடங்கையே புதிய ஈபிஎஸ்ஸுக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? பங்கு 96 ரூபாய்க்குப் போகும், மொத்த மதிப்பு 600 கோடி ஆகும். 480 இருந்த இடத்தில் 120 கோடி எங்கிருந்தோ முளைக்கும். இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, நடந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் சம்பந்தமே இல்லாத தொழில்களை வரிசையாக வாங்கிச் சேர்த்த பெருங்குழுமங்கள் இதே வழியில்தான் ஆண்டுக்கு ஆண்டு ஈபிஎஸ்ஸை ஏற்றிக் காட்டின. ஏறிய ஈபிஎஸ்ஸைப் பார்த்துச் சந்தை உயர்ந்த பி.இ. கொடுத்தது, அந்த உயர்ந்த பி.இ. அடுத்த கம்பெனியை வாங்கப் பயன்பட்டது. அது ஓட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பெரிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1968 ஜனவரியில் அந்தக் குழுமங்களில் ஒன்றான லிட்டன் இண்டஸ்ட்ரீஸ் தன் காலாண்டு லாபம் குறையும் என்று அறிவித்தபோது அதன் பங்கோடு சேர்ந்து மற்றக் குழுமங்களின் பங்குகளும் அடிவாங்கின.

ஆக, ஈபிஎஸ் எவ்வளவு ஏறும் என்பது நிச்சயம், இணைப்புக்குப் பின் சந்தை எந்தப் பி.இ. கொடுக்கும் என்பது ஊகம். இந்த இரண்டையும் ஒரே தாளில் ஒரே மாதிரி எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதால்தான் குழப்பம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் இயக்குநர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாள். ஒருவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "ஈபிஎஸ் ஏறுகிறதே, பங்கு விலையும் ஏறுகிறதே, அப்புறம் என்ன சார் தயக்கம்?" என்றார். எக்செல் தாளைத் திரையில் திறக்கச் சொன்னேன். இணைப்புக்குப் பின் பி.இ. என்ற கட்டத்தில் அவர்களுடைய இன்றைய பி.இ. அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை அழித்துவிட்டு, இரண்டு கம்பெனிகளின் மொத்த மதிப்பை மொத்த லாபத்தால் வகுத்த எண்ணைப் போட்டேன். கீழே பச்சையில் இருந்த பங்கு விலை சிவப்பாகிவிட்டது. அந்தத் தாளில் வேறு எந்தக் கட்டத்தையும் நான் தொடவில்லை. அன்று முடிவெடுக்காமல் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஈபிஎஸ்ஸை வைத்து விகிதம் போட்டால் 5-ஐ 4-ஆல் வகுத்து 1.25 என்று வரும். பெரியதன் ஈபிஎஸ் குறையாமல் கொடுக்கக்கூடிய உச்ச விகிதம் இதுதான். இதன்படி 2.5 கோடி பங்குகள் வெளியாகும், மொத்தம் 7.5 கோடி, ஈபிஎஸ் சரியாக அதே 4 ரூபாய். ஈபிஎஸ்ஸை மட்டும் பார்க்கிறவர் "நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்பார். ஆனால் 480 கோடியை 7.5 கோடியால் வகுத்துப் பாருங்கள், பங்கு 64 ரூபாய். பழைய பங்குதாரர் 16 ரூபாய் இழந்துவிட்டார், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 40 ரூபாய்ப் பங்குக்கு அன்றைய விலையில் 100 ரூபாய் கொடுத்ததன் விளைவு இது. ஈபிஎஸ் கொஞ்சமும் அசையாமல் இருக்கும்போதே இவ்வளவும் நடக்கிறது. இதனால்தான் பி.இ. வித்தியாசம் பெரிதாக இருக்கும் இடத்தில் ஈபிஎஸ் அடிப்படையிலான விகிதத்தை நான் எல்லைக்கோடாகக் கூட ஏற்பதில்லை.

பங்கு விலை குறையாமல் இருக்க உச்ச விகிதம் எது என்று கேட்பதுதான் சரி. 1969-இல் லார்சன், கோனெடிஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கணக்கியல் அறிஞர்கள் இதை ஒழுங்காக எழுதிவைத்தார்கள். அவர்கள் செய்தது, இணைப்புக்குப் பிந்தைய பி.இ.யை மறைக்காமல் கணக்கின் நடுவில் கொண்டுவந்து வைத்ததுதான். நம் எண்களுக்கு அது இப்படிச் சுருங்கும்:

```
r = (PE × 30 − 400) ÷ 160
```

இதில் r என்பது பெரியதன் பங்குதாரர் இழப்பில்லாமல் கொடுக்கக்கூடிய உச்ச விகிதம், PE என்பது இணைப்புக்குப் பின் வரும் என்று நீங்கள் நம்பும் பி.இ. 30 என்பது மொத்த லாபம், 400 பெரியதன் இன்றைய சந்தை மதிப்பு, 160 என்பது சின்னதன் 2 கோடி பங்குகளைப் பெரியதன் விலை 80-ஆல் பெருக்கியது. 16 போட்டால் 0.5 வருகிறது, அது சந்தை விலைகளின் விகிதமான 40-க்கு 80 தான். 20 போட்டால் 1.25, அது ஈபிஎஸ் விகிதம். பார்த்தீர்களா, ஈபிஎஸ்ஸை வைத்து விகிதம் போடுகிறவர் தனக்கே தெரியாமல் "பழைய பி.இ. அப்படியே நிற்கும்" என்று பந்தயம் கட்டுகிறார். நாம் எடுத்த 0.625-க்குத் தேவையான பி.இ. 16.67. மொத்த மதிப்பில் அது 500 கோடி. அதாவது இணைப்பினால் மட்டுமே 20 கோடி ரூபாய் புதிய மதிப்பு உருவானால்தான் பெரியதன் பங்குதாரர் இருந்த இடத்திலாவது நிற்பார். அந்த 20 கோடி வேறொன்றும் இல்லை, பங்குக்கு 10 ரூபாய் வீதம் 2 கோடி பங்குகளுக்குக் கொடுக்கச் சம்மதித்த பிரீமியம்.

ஆகவே பேச்சுவார்த்தையைச் சந்தை விலை விகிதமான 0.5-இல் தொடங்கி, அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் சினெர்ஜி, அதாவது சேர்வதால் மிச்சமாகும் செலவோ கூடும் விற்பனையோ, எங்கே, எத்தனை கோடி என்று கேட்பது என் வழக்கம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்றைய சந்தை விலைகள் ஓரளவாவது சரி என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. சின்னதன் பங்கு அதிகம் வியாபாரமாகாததாக இருந்தால், அல்லது பேச்சு கசிந்து விலை ஏற்கெனவே ஏறியிருந்தால், அந்த 40 ரூபாயை அப்படியே நம்ப முடியாது. அப்போது பல மாத சராசரி விலை, சொத்து மதிப்பு, எதிர்காலப் பணவரவு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரியதன் விலை உண்மை மதிப்பைவிட மிகைப்பட்டிருந்தால் கதை தலைகீழாகும். அப்போது மிகைவிலைப் பங்கைக் கொடுத்து உண்மையான லாபத்தை வாங்குவது வாங்குபவரின் பங்குதாரருக்கு நிஜமாகவே ஆதாயம். 2000 ஜனவரியில் அமெரிக்க இணையச் சேவைக் கம்பெனியான ஏஓஎல், ஊடகக் கம்பெனியான டைம் வார்னர் இரண்டின் இணைப்பை அறிவித்தபோது ஏஓஎல் பங்குதாரர்களுக்குச் சேர்ந்த கம்பெனியில் 55 சதவீதம் ஒதுக்கப்பட்டது. வருமானத்திலும் லாபத்திலும் டைம் வார்னர்தான் பெரியது. ஏஓஎல் பங்குக்கு அன்று சந்தை கொடுத்த விலைதான் அந்த 55-ஐ வாங்கித் தந்தது. 2002-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி காட்டிய நஷ்டம் ஏறக்குறைய 99 பில்லியன் டாலர், அதில் பெரும்பகுதி குட்வில்லை, அதாவது வாங்கிய கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலையை, குறைத்து எழுதியது. பங்கை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவர், கொடுக்கப்படும் பங்கின் பி.இ. ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்த "ஏன்" என்பதற்குச் சாதாரணமான பதில் வளர்ச்சி. பெரியதன் லாபம் ஆண்டுக்கு 15 சதவீதமும் சின்னதன் லாபம் 3 சதவீதமும் வளர்வதாக வைத்துக்கொள்வோம். இணையாமல் இருந்தால் பெரியதன் ஈபிஎஸ் 4-இலிருந்து 4.60, 5.29 என்று போகும். இணைந்தால் 4.80-இலிருந்து 5.33, 5.93 என்று போகும். முதல் சில வருடம் இணைந்த கோடு மேலேதான் இருக்கும், ஆனால் அது ஏறும் வேகம் குறைவு, முதல் வருட வளர்ச்சி 11 சதவீதம்தான். ஆறாவது வருடத்தில் 9.31-க்கு 9.25 என்று இரண்டும் ஒட்டிவந்துவிடும். ஏழாவது வருடத்தில் இணையாத கோடு 10.64, இணைந்தது 10.48. சந்தை பி.இ.யை 20-இலிருந்து 16-க்கு இறக்குவதற்குக் காரணம் கோபம் இல்லை, இந்த ஏழாவது வருடத்துக்கு அப்புறம் வருவதையும் சேர்த்துப் பார்ப்பதுதான். வளர்ச்சி விகிதங்கள் நான் வைத்துக்கொண்டவை, நிஜத்தில் யாருக்கும் ஏழு வருட லாபம் முன்கூட்டியே தெரியாது. ஆனால் பெரியது சின்னதைவிட வேகமாக வளரும் வரை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் என்ற வடிவம் மாறாது, எந்த வருடம் என்பதுதான் மாறும்.

இதையே திருப்பிப் போட்டால், சின்னது பெரியதை வாங்குவதாக, பிரீமியமே இல்லாமல் 80 ரூபாய்ப் பங்குக்குத் தன் 40 ரூபாய்ப் பங்குகள் இரண்டைக் கொடுப்பதாக வையுங்கள். புதிதாக 10 கோடி பங்குகள், மொத்தம் 12 கோடி. 30 கோடி லாபத்தை வகுத்தால் ஈபிஎஸ் 2.50. அதனுடைய பழைய 5 ரூபாயில் பாதி. பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஆனால் 480 கோடியை 12 கோடியால் வகுத்தால் பங்கு அதே 40 ரூபாய், ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. அதே இரண்டு கம்பெனிகள், அதே 30 கோடி.

உங்கள் கையில் நிஜமான இணைப்பு அறிக்கை ஒன்று வந்தால், மேலே சொன்ன 4.80 அப்படியே வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய கணக்கியல் விதிகளில் வாங்கிய கம்பெனியின் வாடிக்கையாளர் உறவு, காப்புரிமை போன்றவற்றுக்குத் தனியாக மதிப்புப் போட்டு, வருடா வருடம் தேய்மானம் போல எழுதித் தள்ள வேண்டும். அப்படி 30 கோடிக்கு மதிப்புப் போட்டு 10 வருடத்தில் எழுதினால், வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஆண்டுக்கு 3 கோடி லாபத்தில் குறையும். 27-ஐ 6.25-ஆல் வகுக்க 4.32. 20 சதவீத உயர்வு 8 சதவீதமாகிவிட்டது. பணம் எதுவும் வெளியே போகவில்லை என்று சொல்லி இதைக் கழிக்காத ஈபிஎஸ்ஸைத்தான் கம்பெனிகள் விளக்கப் படங்களில் போடுகின்றன.

இன்னொன்று தேதி. நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது இணைப்பு நடந்தால், அந்த வருடக் கணக்கில் சின்னதன் லாபம் மூன்று மாதத்துக்கு மட்டும் வரும், புதிய பங்குகளும் கால்வாசி எடையோடுதான் எண்ணப்படும். 22.5 கோடி லாபம், 5.3125 கோடி பங்குகள், ஈபிஎஸ் 4.24. அடுத்த வருடம் லாபம் துளியும் வளராவிட்டாலும் அது 4.80 ஆகும். ஒரே ஒப்பந்தம் இரண்டு ஆண்டறிக்கைகளில் வளர்ச்சியாகத் தெரியும், முதலில் 6 சதவீதம், பிறகு 13 சதவீதம். இதைக் கண்டுபிடிக்க, ஈபிஎஸ் குறிப்பில் "எடையிட்ட சராசரிப் பங்குகள்" என்ற வரியை ஆண்டு முடிவில் இருக்கும் பங்கு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 5.3125, 6.25 என்று இப்படி விலகி நின்றால், அடுத்த வருட ஈபிஎஸ் உயர்வில் எவ்வளவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று அங்கேயே கழித்துக்கொள்ளலாம்.